ஹோஸ்டுக்குத் தெரியும் பெயர் கெஸ்டுக்கு ஏன் தெரியவில்லை? — வி.பி.என்.னும் விர்ச்சுவல்பாக்ஸும்

(ஒலி வடிவத்தைக் கேட்டு எழுதி, திருத்தியது. வாயால் சொன்ன கட்டளைகளை இங்கே எழுத்தாகவே கொடுத்திருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு வந்த கேள்விகளில் ஒன்று, கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகளில், மூன்று பேரிடமிருந்து வந்திருந்தது. "விண்டோஸ் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு உள்ளே உபுண்டு வைத்திருக்கிறேன். ஆபீஸ் வி.பி.என். கனெக்ட் பண்ணினால் விண்டோஸில் எல்லாம் வருகிறது, உபுண்டுவில் மட்டும் எந்தப் பெயரும் கிடைப்பதில்லை. என்ன செய்வது?" இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இதே சிக்கலில் நானும் ஒரு ராத்திரி மாட்டியிருக்கிறேன். அதைத் தப்பான வழியில் சரிசெய்து, மூன்று வாரம் கழித்து அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் இன்றைக்கு இந்த ஒரு விஷயம் மட்டும்தான்.

முதலில் என் கதை. பெயர்களையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன். எங்கள் ஆபீஸ் உள் விவரம் வெளியே வரக்கூடாது. ஆபீஸில் கோட் இருக்கும் சர்வரின் பெயர் `git.corp.example` என்று வைத்துக்கொள்வோம். அதன் ஐ.பி. முகவரி 10.20.4.17. ஆபீஸின் உள் டி.என்.எஸ். சர்வர் 10.20.0.53. என் வீட்டு ரவுட்டர் 192.168.1.1. இந்த மூன்று எண்கள் போதும், கடைசி வரைக்கும் இவற்றை வைத்தே பேசலாம்.

அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை. காலையில் லேப்டாப்பைத் திறந்தேன், உபுண்டு மெஷினை ஆன் பண்ணினேன், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ரிலீஸ். எட்டரைக்கு வி.பி.என். கனெக்ட் பண்ணிவிட்டு, உபுண்டுவில் கோட் எடுக்கலாம் என்று கட்டளை கொடுத்தால் `Could not resolve host: git.corp.example` என்று நிற்கிறது. சரி, ஆபீஸ் சர்வர் படுத்துவிட்டதோ என்று விண்டோஸில் பிரவுசரைத் திறந்தால், அங்கே அதே பக்கம் ஜம்மென்று வருகிறது. ஒரே லேப்டாப், ஒரே இணைப்பு, ஒரே பெயர். வெளியே தெரிகிறது, உள்ளே தெரியவில்லை.

இது ஏன் என்று புரிய, விர்ச்சுவல்பாக்ஸின் நேட் முறை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நீங்கள் எதையும் மாற்றாமல் ஒரு மெஷின் உருவாக்கினால் அதன் நெட்வொர்க் இந்த நேட் முறையில்தான் இருக்கும். உள்ளே இருக்கிற கெஸ்டுக்கு 10.0.2.15 என்று ஒரு முகவரி கிடைக்கும். அதன் பார்வையில் வெளியே போகும் வாசல் 10.0.2.2. ஆனால் இந்த 10.0.2 என்ற நெட்வொர்க் எந்தக் கம்பியிலும் கிடையாது. அது விர்ச்சுவல்பாக்ஸ் புரோகிராமுக்குள்ளேயே இருக்கிற ஒரு நாடகம். கெஸ்ட் ஒரு பாக்கெட் அனுப்பினால், விர்ச்சுவல்பாக்ஸ் அதை வாங்கிப் பிரித்து, விண்டோஸில் ஓடும் ஒரு சாதாரண புரோகிராம் போலத் தன் பெயரில் ஒரு இணைப்பைத் திறந்து அனுப்பும். உங்கள் பிரவுசர் எப்படி வெளியே போகிறதோ அப்படியேதான் அதுவும்.

இதிலிருந்து ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. விண்டோஸ் வி.பி.என்.னுக்குள் போய்விட்டால், விர்ச்சுவல்பாக்ஸ் திறக்கும் இணைப்புகளும் அந்த வழியாகவே போகும். கெஸ்டுக்குள் தனியாக வி.பி.என். போடவே தேவையில்லை. அதாவது என் உபுண்டுவுக்கு ஆபீஸுக்குப் போகும் பாதை அன்றைக்கும் திறந்துதான் இருந்தது. இதைச் சோதிப்பது சுலபம். விண்டோஸில் பவர்ஷெல் திறந்து அந்தப் பெயருக்கு என்ன முகவரி என்று கேளுங்கள்:

```
Resolve-DnsName git.corp.example
```

எனக்கு 10.20.4.17 என்று வந்தது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு கெஸ்டுக்குள் போய், பெயரே இல்லாமல் நேராகக் கதவைத் தட்டினேன்:

```
nc -vz 10.20.4.17 443
```

`succeeded!` என்று வந்துவிட்டது. பாதை சரி, பெயர்தான் தகராறு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எதையும் மாற்றாதீர்கள். இது தோற்றால் உங்கள் பிரச்சினை வேறு. இன்றைக்கு நான் சொல்லப்போவது அதற்கு உதவாது. கடைசியில் ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்கிறேன்.

சரி, பாதை இருக்கும்போது பெயர் ஏன் கிடைக்கவில்லை? கெஸ்ட் ஆன் ஆகும்போது விர்ச்சுவல்பாக்ஸிடம் டி.எச்.சி.பி. மூலம் முகவரி கேட்கும். முகவரியோடு சேர்த்து, "பெயர் தெரியாவிட்டால் இவரிடம் கேள்" என்று ஒரு டி.என்.எஸ். சர்வரின் எண்ணும் வரும். வழக்கமான அமைப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ன கொடுக்கிறது என்றால், அந்த நேரத்தில் விண்டோஸ் எந்த டி.என்.எஸ். சர்வரைப் பயன்படுத்துகிறதோ அதன் எண்ணை அப்படியே கொடுத்துவிடுகிறது. நான் காலையில் ஆன் பண்ணினேன் இல்லையா, அப்போது அது என் வீட்டு ரவுட்டர், 192.168.1.1.

வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் காலையில் ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டு, ராத்திரி நம் வீட்டில் நம்பரையே மாற்றிவிட்டோம், அவரிடம் சொல்லவில்லை. அவர் பாவம் பழைய சீட்டைப் பார்த்து டயல் பண்ணிக்கொண்டே இருக்கிறார். விஷயம் இவ்வளவுதான்.

புது விர்ச்சுவல்பாக்ஸ் பதிப்புகள் விண்டோஸின் டி.என்.எஸ். மாறுவதைக் கவனித்து, கெஸ்டின் நெட்வொர்க்கை ஒரு நொடி துண்டித்து இணைத்து, புது எண்ணை வாங்க வைக்கப் பார்க்கும். அது வேலை செய்கிற நாட்களில் உங்களுக்குப் பிரச்சினையே தெரியாது. அதனால்தான் சிலர் "எனக்கு வருகிறதே" என்பார்கள், சிலருக்கு ஒரு நாள் வரும் ஒரு நாள் வராது. இதை நம்பி உட்கார முடியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது வி.பி.என்.னின் வகையைப் பொறுத்தது.

கம்பெனி வி.பி.என். இரண்டு மாதிரி அமைக்கப்பட்டிருக்கும். ஒன்று, லேப்டாப்பின் எல்லாப் போக்குவரத்தையும் ஆபீஸ் வழியாகவே இழுப்பது. இதில் பெரும்பாலும் வீட்டு நெட்வொர்க்கோடு பேசுவதையே வி.பி.என். மென்பொருள் தடுத்துவிடும், பெயர் விசாரணை வீட்டு ரவுட்டர் வழியாக வெளியே கசியக்கூடாது என்பது அவர்கள் கவலை. அப்போது கெஸ்ட் 192.168.1.1-இடம் கேட்கும் கேள்விக்குப் பதிலே வராது. ஆபீஸ் பெயர் மட்டுமல்ல, வெளி இணையத்தின் பெயர் ஒன்றுகூட கிடைக்காது. கெஸ்டில் பார்த்தால் இப்படி இருக்கும்:

```
ping: git.corp.example: Temporary failure in name resolution
```

இன்னொன்று, ஆபீஸ் முகவரிகளை மட்டும் வி.பி.என். வழியாக அனுப்பி, மற்றதை வீட்டு இணைப்பிலேயே விடுவது. இதில் ரவுட்டர் பதில் சொல்லும். ஆனால் அதற்கு ஆபீஸ் உள் பெயர்கள் தெரியாதே! "அப்படி ஒரு பெயரே கிடையாது" என்று நிம்மதியாகச் சொல்லிவிடும். வெளிப் பெயர்கள் எல்லாம் வரும், ஆபீஸ் பெயர் மட்டும் இப்படி நிற்கும்:

```
ping: git.corp.example: Name or service not known
```

இந்த இரண்டு வரியையும் பார்க்க ஒரே மாதிரி தோன்றும், எல்லாரும் "டி.என்.எஸ். வேலை செய்யவில்லை" என்று ஒரே சாக்கில் போட்டுவிடுவார்கள். முதலாவது, கேட்ட ஆளிடமிருந்து உருப்படியான பதில் வரவில்லை என்பது. இரண்டாவது, பதில் வந்தது, ஆனால் விஷயம் தெரியாத ஆளிடமிருந்து வந்தது என்பது. உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹெல்ப்டெஸ்க்கில் பேசும்போதும் இந்த வரியை அப்படியே படித்துக் காட்டினால் பாதி வேலை முடியும்.

இரண்டாவது வகையில் விண்டோஸ் என்ன செய்கிறது என்பது சுவாரசியமானது. விண்டோஸுக்குள் பெயர் விசாரணைக்கென ஒரு கொள்கை அட்டவணை இருக்கிறது. "`corp.example` என்று முடியும் பெயர்களை 10.20.0.53-இடம் கேள், மற்றதை வழக்கமான இடத்தில் கேள்" என்று வி.பி.என். மென்பொருளால் அதில் எழுதி வைக்க முடியும். உங்கள் லேப்டாப்பில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க:

```
Get-DnsClientNrptPolicy
```

இதில் வரிகள் வந்தால் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸின் பெயரறிவு என்பது ஒரே ஒரு சர்வரின் எண் அல்ல. அது ஒரு விதிப் பட்டியல். அந்த விதியைச் சீட்டில் எழுதிக் கெஸ்டிடம் கொடுக்க முடியாது. டி.எச்.சி.பி. சீட்டில் எண்களுக்குத்தான் இடம். அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் எத்தனை தடவை புதுச் சீட்டு கொடுத்தாலும் இங்கே பயன் இல்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. விண்டோஸில் சோதிக்கும்போது பழக்கதோஷத்தில் `nslookup` அடிக்காதீர்கள். அது அந்தக் கொள்கை அட்டவணையைப் பார்க்காது. தானே நேராக ஒரு சர்வரிடம் போய்க் கேட்கும். பிரவுசரில் வருகிற பெயர் `nslookup`-இல் வராது, நீங்கள் குழம்பிப் போவீர்கள். நான் அன்றைக்கு அரை மணி நேரம் இதில்தான் தொலைத்தேன். `Resolve-DnsName` விண்டோஸ் கேட்கிற மாதிரியே கேட்கும்.

இப்போது நான் செய்த தப்புகள். மணி ஒன்பதாகிவிட்டது, கை சும்மா இருக்குமா? முதலில் உபுண்டுவில் டி.என்.எஸ். சர்வராக 8.8.8.8 என்று கையால் எழுதினேன். இணையத்தில் பாதிப் பேர் சொல்லும் வைத்தியம் இதுதான். அது கூகுளின் பொது சர்வர். அதற்கு என் ஆபீஸ் உள் பெயர் எப்படித் தெரியும்? தெரியாதது மட்டுமல்ல, "எங்கள் ஆபீஸில் இந்தப் பெயரில் ஒரு சர்வர் இருக்கிறது" என்பதை நானே வெளியே போய்ச் சொன்ன மாதிரி ஆகிறது. எந்தப் பாதுகாப்புக் குழுவும் இதை ரசிக்காது.

அடுத்து, நெட்வொர்க்கை நேட் முறையிலிருந்து பிரிட்ஜ் முறைக்கு மாற்றினேன். உடனே வெளி இணையம் எல்லாம் வந்தது, ஆஹா என்று இருந்தது. ஆனால் பிரிட்ஜ் முறையில் கெஸ்ட் என்பது வீட்டு வைஃபையில் தனியாக நிற்கும் இன்னொரு கம்ப்யூட்டர். அது விண்டோஸ் வழியாகப் போவதே இல்லை, ஆகவே வி.பி.என்.னும் அதற்குக் கிடையாது. ஆபீஸ் சர்வருக்கு இருந்த பாதையையும் நானே மூடிவிட்டேன். பெயர் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட்டு இதில் தங்கிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் நேட் முறைக்கே திரும்பி, கெஸ்டின் `/etc/hosts` கோப்பில் ஒரு வரி எழுதினேன்: 10.20.4.17, பக்கத்தில் `git.corp.example`. வேலை செய்துவிட்டது! ரிலீஸ் முடிந்தது, தூங்கப் போனேன், அந்த வரியை மறந்தே போனேன்.

மூன்று வாரம் கழித்து ஆபீஸில் அந்த சர்வரைப் புது மெஷினுக்கு மாற்றினார்கள். பெயர் அதேதான், முகவரி வேறு. பழைய மெஷினை உடனே அணைக்காமல் சில நாள் ஓட விட்டிருந்தார்கள். எல்லாரும் புது இடத்திலிருந்து கோட் எடுத்தார்கள். என் உபுண்டு மட்டும் `/etc/hosts` வரியை நம்பிப் பழைய மெஷினுக்கே போனது. பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஏனென்றால் அங்கேயும் சர்வர் உயிரோடு இருக்கிறதே. நான் கட்டிய பில்ட் பழைய கோடில் கட்டியது. அதை டெஸ்டிங் குழு அரை நாள் சோதித்து, போன வாரமே சரிசெய்த பிழைகளை எல்லாம் மறுபடி பதிவு பண்ணி, யாரோ திருத்தங்களை அழித்துவிட்டார்கள் என்று ஒரு மீட்டிங்கும் போட்டார்கள். காரணம் என் ஒரு வரி. சொல்லும்போது இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்த மீட்டிங்கிற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். சரியான வழி, சீட்டையே நிறுத்திவிடுவது. கெஸ்டுக்கு எந்த சர்வரின் எண்ணும் வேண்டாம். அது ஒவ்வொரு பெயரையும் விர்ச்சுவல்பாக்ஸிடம் கேட்கட்டும், விர்ச்சுவல்பாக்ஸ் அதை விண்டோஸிடம், பிரவுசர் கேட்பது போலவே, "இந்தப் பெயருக்கு என்ன முகவரி?" என்று கேட்டுப் பதிலை உள்ளே கொடுக்கட்டும். அப்போது விண்டோஸுக்குத் தெரிந்தது கெஸ்டுக்கும் தெரியும், கொள்கை அட்டவணை உட்பட. இதற்கு ஒரு அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. கட்டளையில் கொடுப்பதுதான் நிச்சயமான வழி.

முதலில் கெஸ்டை முழுதாக ஷட்டவுன் பண்ணுங்கள். "நிலையைச் சேமி" என்று மூடியிருந்தால் போதாது, மாற்ற விடாது. பிறகு விண்டோஸில் பவர்ஷெல் திறந்து:

```
cd "C:\Program Files\Oracle\VirtualBox"
.\VBoxManage list vms
.\VBoxManage modifyvm "ubuntu-dev" --natdnshostresolver1 on
```

இரண்டாவது வரி உங்கள் மெஷின்களின் பெயர்களைக் காட்டும்; மூன்றாவது வரியில் `ubuntu-dev` என்ற இடத்தில் உங்களுடைய பெயரைப் போடுங்கள். கடைசியில் இருக்கும் 1 என்பது முதல் நெட்வொர்க் அடாப்டர். நேட் முறையில் இருப்பது இரண்டாவது அடாப்டர் என்றால் அங்கே 2 போட வேண்டும். கட்டளை வெற்றி பெற்றால் ஒன்றும் சொல்லாமல் திரும்பும், அதுதான் நல்ல அறிகுறி. இதை ஒரு தடவை செய்தால் போதும், மெஷினின் அமைப்பில் பதிந்துவிடும்.

இதே மாதிரி `--natdnsproxy1` என்று ஒன்றும் இருக்கிறது, பெயரைப் பார்த்துப் பலர் அதைப் போடுகிறார்கள். அது கெஸ்டின் கேள்வியை வாங்கி, விண்டோஸின் பட்டியலில் இருக்கும் சர்வர்களுக்கு அப்படியே தள்ளிவிடும், அவ்வளவுதான். எல்லாப் போக்குவரத்தும் ஆபீஸ் வழியாகப் போகும் வகை வி.பி.என்.னில் அது போதுமானதாக இருக்கலாம். கொள்கை அட்டவணை இருக்கிற இடத்தில் போதாது. நான் எப்போதும் முதலாவதையே போடுகிறேன்.

இப்போது கெஸ்டை ஆன் பண்ணி, யார் டி.என்.எஸ். சர்வர் என்று பாருங்கள். உபுண்டுவில் `/etc/resolv.conf` கோப்பைப் பார்க்காதீர்கள், அதில் 127.0.0.53 என்றுதான் இருக்கும், அது உபுண்டுவுக்குள்ளேயே இருக்கும் இடைத்தரகர். அந்த இடைத்தரகர் யாரிடம் கேட்கிறார் என்பதுதான் நமக்கு வேண்டும்:

```
resolvectl status
resolvectl query git.corp.example
```

முதல் கட்டளையில், `enp0s3` போன்ற உங்கள் நெட்வொர்க் கார்டின் கீழே 10.0.2.3 என்று வர வேண்டும். அதுதான் விர்ச்சுவல்பாக்ஸ் பெயர் விசாரணைக்கென்று உட்கார்ந்திருக்கும் முகவரி. இரண்டாவதில், விண்டோஸில் `Resolve-DnsName` இப்போது காட்டும் அதே முகவரி வர வேண்டும். எனக்கு வந்தது. அதற்கு முன்பே `/etc/hosts`-இல் இருந்த அந்தப் பாவப்பட்ட வரியை அழித்திருந்தேன். அழிக்காமல் சோதித்திருந்தால் அது கோப்பிலிருந்தே பதில் சொல்லி என்னை மறுபடி ஏமாற்றியிருக்கும். நீங்களும் முதலில் அழித்துவிட்டுப் பிறகு சோதியுங்கள்.

10.0.2.3 வராமல் 8.8.8.8 அல்லது ரவுட்டரின் எண் நின்றால், முன்பு எப்போதோ நீங்கள் கையால் எழுதியது இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். உபுண்டுவில் அது பெரும்பாலும் `/etc/netplan` அடைவில் இருக்கும் கோப்பில், `nameservers` என்ற வரியின் கீழே இருக்கும். டெஸ்க்டாப் என்றால் நெட்வொர்க் செட்டிங்ஸ் திரையிலும் இருக்கலாம். அதை நீக்கி, டி.எச்.சி.பி. கொடுப்பதை வாங்க விடுங்கள். 10.0.2.3-க்குப் போகும் கேள்விகளைத்தான் விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோஸிடம் கொண்டு போகும். வேறு முகவரிக்குப் போனால் அது தலையிடாது.

இதில் எனக்குப் பிடித்தது, இனிமேல் வி.பி.என். எப்போது கனெக்ட் ஆனாலும், எப்போது அறுந்தாலும் கெஸ்டை ரீஸ்டார்ட் பண்ண வேண்டியதில்லை என்பது. ஒவ்வொரு கேள்வியும் அந்த நொடியில் விண்டோஸிடம் போகிறது. ஒரே ஒரு தொல்லை: வி.பி.என். இல்லாதபோது ஒரு பெயரைக் கேட்டு "இல்லை" என்ற பதில் வந்திருந்தால், உபுண்டுவின் இடைத்தரகர் அதைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருப்பார். `resolvectl flush-caches` கொடுத்தால் மறந்துவிடுவார். கெஸ்டுக்குள் டாக்கர் ஓட்டுகிறவர்கள், இந்த மாற்றத்துக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த கண்டெய்னர்கள் எதையாவது மீண்டும் எழுப்பும்போது பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் புதிதாக உருவாக்குங்கள்.

எதற்கெல்லாம் இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸிடம் விர்ச்சுவல்பாக்ஸ் கேட்பது, பெயருக்கு என்ன முகவரி, முகவரிக்கு என்ன பெயர் என்ற சாதாரணக் கேள்விகளைத்தான். டி.என்.எஸ்.ஸில் வேறு வகைக் கேள்விகளும் உண்டு. ஒரு சேவை எந்த சர்வரில் இருக்கிறது என்று கேட்கும் `SRV` அதில் ஒன்று. கெஸ்டையே கம்பெனியின் ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் கேள்விகள் அவசியம், அங்கே இந்த வழி காலை வாரும். கோட் எடுக்க, பில்ட் பண்ண, டேட்டாபேஸோடு பேச இது போதும்.

சின்னப் பெயர்களும் ஒரு பொறி. விண்டோஸில் பிரவுசரில் வெறும் `git` என்று அடித்தால் போதும், மீதியை அது சேர்த்துக்கொள்ளும். கெஸ்டுக்கு எதைச் சேர்ப்பது என்று தெரியாது. முழுப் பெயரையே எழுதுங்கள், தலைவலி இல்லை.

ஆரம்பத்தில் ஒரு விதிவிலக்கு சொல்கிறேன் என்றேன் அல்லவா? கேள்வி அனுப்பிய மூவரில் ஒருவருக்கு நான் சொன்னதை எல்லாம் செய்த பிறகு பெயர் சரியாகக் கிடைத்தது, ஆனால் இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்த முகவரியை அனுப்பச் சொன்னேன்: 10.0.2 என்று தொடங்கியது. அவருடைய ஆபீஸிலும் அதே எண் வரிசையை உபயோகிக்கிறார்கள்! கெஸ்ட் அந்த முகவரியைப் பார்த்ததும், இது நம் தெருவிலேயே இருக்கிற வீடுதானே என்று நினைத்து, வாசலைத் தாண்டாமல் உள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. வி.பி.என். வரைக்கும் அந்தப் பாக்கெட் போகவே இல்லை. இதற்கு விர்ச்சுவல்பாக்ஸின் உள் எண் வரிசையை மாற்ற வேண்டும், மறுபடி கெஸ்டை அணைத்துவிட்டு:

```
.\VBoxManage modifyvm "ubuntu-dev" --natnet1 "192.168.77.0/24"
```

வீட்டிலும் ஆபீஸிலும் இல்லாத ஒரு வரிசையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இதன் பிறகு கெஸ்டின் டி.என்.எஸ். சர்வர் 192.168.77.3 ஆகிவிடும், 10.0.2.3 காணோமே என்று பயப்படாதீர்கள். அவர் நேற்று ராத்திரி பதில் போட்டார், வேலை செய்கிறதாம்.

விர்ச்சுவல்பாக்ஸ் இல்லாமல் விண்டோஸின் டபிள்யூ.எஸ்.எல். 2 வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். நோய் ஒன்றே, மருந்தின் பெயர் வேறு. விண்டோஸ் 11, 22H2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால், விண்டோஸில் உங்கள் பயனர் அடைவில் `.wslconfig` என்ற கோப்பில் இதை எழுதி, பவர்ஷெல்லில் `wsl --shutdown` கொடுத்து மறுபடி திறங்கள்:

```
[wsl2]
dnsTunneling=true
```

இதுவும் சீட்டை நிறுத்திவிட்டு விண்டோஸையே கேட்கும் ஏற்பாடுதான். புதுப் பதிப்புகளில் இது ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும். அப்படியும் வரவில்லை என்றால் `/etc/resolv.conf`-ஐ எப்போதோ கையால் மாற்றி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

உங்கள் கெஸ்டில் `/etc/hosts` கோப்பை இப்போதே ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, என்ன இருந்தது என்று எழுதுங்கள். அடுத்த எபிசோடில் பேசலாம்.